க்விஸ் நைட்: விடைத்தாள் திருத்தும் அந்த ஐந்து நிமிடம்

அடையாறுவாசி: போன சனிக்கிழமை எங்கள் குடியிருப்பு க்ளப் ஹவுஸில் க்விஸ் நடந்தது. 12 டீம், ஐந்து சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தாள்களை வாங்கித் திருத்தி மார்க் போட ஐந்து நிமிடமாவது ஆகும். எல்லாரும் ஃபோனை எடுக்கிற நேரம் அதுதான். ஆனால் நடத்தியவர் விடவில்லை. திருத்துபவர் பக்கத்திலேயே நின்று, தாள்களைப் பார்த்தபடி மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். "நிலவில் இரண்டாவதாகக் கால் வைத்தது யார்?" என்று ஒரு கேள்வி. விடை, பஸ் ஆல்ட்ரின். "ஒரு டீம் 'ஆம்ஸ்ட்ராங்கின் வலது கால்' என்று எழுதியிருக்கிறது. அவர் முதலில் வைத்தது இடது கால். அதனால் தப்பென்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மார்க் கிடையாது!" என்றார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு மேசை தானாகவே எழுந்து கையாட்டியது. அதற்கப்புறம் இரவு முழுக்க அவர்கள் 'வலது கால்' டீம்தான். நான்காவது சுற்றில் அவர்கள் ஒன்பது வாங்கியதும், "இரண்டு காலையும் ஊன்றிவிட்டார்கள்" என்றார். ஹாலே அதிர்ந்தது.

நங்கநல்லூர்க்காரன்: ஜோக்குகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் போதுமே. நான் அப்படித்தான் செய்தேன். முதல் இரண்டுக்கு நன்றாகச் சிரித்தார்கள்.

திருச்சி க்விஸர்: தயாரிப்பு வேண்டும், ஆனால் ஜோக்கில் அல்ல, கேள்வியில். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் கேட்டால், தப்பாக எழுதுகிற எல்லாருமே சிட்னி என்றுதான் எழுதுவார்கள். அதை வைத்துப் பேச ஒன்றுமில்லை. தெரியாதவர்கள் கற்பனை செய்து எழுதுகிற மாதிரி சுற்றுக்கு ஒரு கேள்வி வையுங்கள், ஜோக்கை அவர்களே எழுதித் தருவார்கள். கேள்வி வாசிக்கும்போது மட்டும் கிண்டல் வேண்டாம். சிரிப்பில் பாதிப் பேருக்குக் கேள்வி காதில் விழாது, மறுபடி மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும். ஸ்கோர் தயாரானதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

சேலம் ரசிகை: பரிசு என்ன கொடுத்தார்கள்? எங்கள் ஆபீஸில் ஃபோன் ஆப்பிலேயே நடத்துகிறோம், திருத்துகிற வேலையே இல்லை.

திருச்சி க்விஸர்: ஸ்கோர் உடனே வந்துவிடும், சரி. ஆனால் நாலு வாய்ப்பில் ஒன்றைத் தொட்டால் 'வலது கால்' மாதிரி விடை எப்படி வரும்?

மதுரைப் பொண்ணு: எனக்கு வேறு மாதிரி அனுபவம். ஒரு க்விஸில் நாங்கள் கடைசி இடம். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் டீம் பெயரைச் சொல்லியே கேலி செய்தார்கள். கூட வந்திருந்த அப்பா இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் கூப்பிட்டால் வருவதில்லை.

திருச்சி க்விஸர்: அது பெரிய தப்பு. சீண்டுவதென்றால் முதலிடத்தில் இருப்பவர்களைச் சீண்ட வேண்டும், அவர்கள் தாங்குவார்கள்.

அடையாறுவாசி: எங்கள் ஆள் மேலே உள்ள எட்டு டீம் ஸ்கோரை மட்டும்தான் படித்தார்.

திருச்சி க்விஸர்: அதில் எனக்கு உடன்பாடில்லை. யோசித்து யோசித்து வேடிக்கையாகப் பெயர் வைத்துவிட்டு, அதை மைக்கில் கேட்கக் காத்திருப்பார்கள். நான் கீழிருந்து மேலாக எல்லாவற்றையும் படிப்பேன்.

மதுரைப் பொண்ணு: பெயரைப் படியுங்கள், மார்க்கை விட்டுவிடுங்கள்.