கர்ப்பகால இரும்புச்சத்து ஆய்வுகள்: ரத்தசோகைப் பத்தியில் எந்த எண்ணை எழுதுவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)
கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்த ஆய்வுகளைத் தொகுக்கிறோம். நானும் தோழியும் தனித்தனியே அட்டவணை நிரப்பியதில் ஒரு கட்டுரையில் ஒத்துப்போகவில்லை. பிரசவத்தை ஒட்டி ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்பது எங்கள் வரையறை. இந்தக் கட்டுரை 10க்குக் கீழ் உள்ளவர்களை மட்டுமே எண்ணுகிறது: மாத்திரைக் குழுவில் 100 பேரில் 22 பேர். சராசரி 10.9 ± 0.12. தோழி 22 என்று எழுதிவிட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் (குமுளி)
எழுதலாம். இரு குழுக்களையும் ஒரே அளவுகோலால்தானே அளந்திருக்கிறார்கள், ஒப்பீடு கெடாது.

பதில் (குப்பம்)
எங்கள் சர்க்கரை நோய்ப் புண் ஆய்வுகளிலும் இப்படித்தான். சேர்ந்தவர் தொகை ஒன்று, கடைசிவரை வந்தவர் தொகை வேறு. எதால் வகுப்பது?

பதில் (செங்கோட்டை)
குமுளி நண்பர் சொல்வது அந்த ஒரு ஆய்வுக்குள் சரி. 11ஐ எல்லையாக வைத்த ஆய்வுகளுடன் கூட்டும்போது சரியாகாது.

முதலில் அந்த 0.12ஐப் பாருங்கள், தங்கையே. அது திட்ட விலக்கமாக இருந்தால் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் 10.6க்கும் 11.2க்கும் இடையே அடங்க வேண்டும். பிறகு 22 பேர் 10க்குக் கீழ் எப்படிப் போனார்கள்? அது திட்டப் பிழையாகத்தான் இருக்கும்.

```
SD = SE × √n = 0.12 × √100 = 1.2
```

1.2 என்று வைத்தால் 10க்குக் கீழ் சுமார் 23 பேர் வருவார்கள்; கட்டுரையின் 22உடன் பொருந்துகிறது. அதே கணக்கில் 11க்குக் கீழ் சுமார் 53 பேர். உங்கள் பத்தியில் 22 என்று எழுதினால் பாதிக்கும் மேற்பட்டோரைக் கால்வாசிக்கும் குறைவாகக் காட்டுகிறீர்கள்.

ஆகவே இரண்டு பத்திகள் வையுங்கள். ஒன்றில் கட்டுரை சொன்ன வரையறையும் எண்ணும் அப்படியே, அங்கே 22. மற்றொன்றில் உங்கள் வரையறைக்குப் பொருந்துவது மட்டும். அதைக் காலியாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். 53 என்பது பரவல் இயல்நிலைப் பரவல் என்று நம்பிப் போட்ட கணக்கு. முதன்மைப் பகுப்பாய்வில் சேர்க்காமல், சேர்த்தால் முடிவு மாறுகிறதா என்று தனியே பாருங்கள். சராசரியை 1.2உடன் தாராளமாகச் சேர்க்கலாம்.

குப்பம் நண்பரே, இரண்டு எண்களையும் பதிவு செய்யுங்கள். வகுக்கும் எண்ணைக் குறிக்காத சதவீதம் பின்னால் எதற்கும் உதவாது.

கேள்வி கேட்டவர்
அட்டவணையின் அடிக்குறிப்பில் ‘திட்டப் பிழை’ என்றே இருக்கிறது, ஐயா. 11க்குக் கீழ் எத்தனை பேர் என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறோம். இன்னொரு கட்டுரை 34ஆம் வாரத்திலேயே ரத்தம் எடுத்து நிறுத்திவிட்டது. அது ‘பிரசவத்தை ஒட்டி’ ஆகுமா?

பதில் (செங்கோட்டை)
நெறிமுறையில் வார எல்லை எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால், அந்தக் கட்டுரையின் முடிவைப் பார்க்காத ஒருவரை வைத்து எல்லையை முடிவு செய்யுங்கள். நான் 36 என்பேன். 34ஐ ஏற்பவர்களும் உண்டு.