டாலர் இன்வாய்ஸை ரூபாயாக மாற்றினால் இரண்டு இடத்தில் இரண்டு மொத்தம்: எது சரி?

பனியன்கணக்கு

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு நாளாக ஒரு பத்து ரூபாய் என் உயிரை எடுக்கிறது.

ஒரே ஸ்டைல் டி-ஷர்ட், பீஸ் 2.475 டாலர். கலர், சைஸ் வாரியாகப் பிரித்ததில் 36 வரிகள், மொத்தம் 1,846 பீஸ். டாலருக்கு 83.45 ரூபாய் என்று போட்டிருக்கிறோம். எக்செலில் செய்த இன்வாய்ஸில் மொத்தம் 4,568.85 டாலர், ரூபாயில் 3,81,270.53. அதையே கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றினால் 3,81,280.55 வருகிறது. வித்தியாசம் 10.02. பீஸ், விலை, ரேட் மூன்றையும் வரி வரியாக டிக் அடித்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒன்றுதான். ஆடிட்டர் கேட்பதற்குள் காரணம் தெரிய வேண்டும்.

ஈரோட்டுக்காரன்

இது எல்லாருக்கும் வருவதுதானே? கஸ்டம்ஸ் ரேட் ஒன்று, பணம் வரும் நாளில் பேங்க் தரும் ரேட் ஒன்று. வித்தியாசத்தை அந்நியச் செலாவணி லாப நஷ்டம் லெட்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பனியன்கணக்கு

இல்லைங்க, பணம் இன்னும் வரவே இல்லை. இரண்டு இடத்திலும் அதே 83.45தான்.

தசமபுள்ளி

சாஃப்ட்வேர் ஒவ்வொரு வரியையும் டாலரிலேயே இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்துவிட்டு அப்புறம் ரூபாயாக்குகிறது. எக்செல் ரவுண்ட் செய்யாமல் கூட்டி, கடைசியில் மாற்றுகிறது. கணக்கில் எப்போதுமே கடைசியில்தான் ரவுண்ட் செய்ய வேண்டும். அதனால் எக்செல்தான் சரி. சாஃப்ட்வேர்காரர்களிடம், ரவுண்ட் செய்யாத டாலரை வரிக்கு வரி ரூபாயாக்கிவிட்டுப் பைசாவுக்கு ரவுண்ட் செய்யச் சொல்லுங்கள். 36 வரிக்கு அதிகபட்சம் 18 பைசாதான் ஆடும்.

பழைய_லெட்ஜர்

காரணத்தைத் தசமபுள்ளி சரியாகப் பிடித்துவிட்டார். தீர்ப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்தக் காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ரூபாய் வித்தியாசத்தை ரேட்டால் வகுத்துப் பாருங்கள். 10.02 ÷ 83.45 = 0.12. ஆக உங்கள் வித்தியாசம் சரியாக 12 சென்ட். ரூபாயில் அங்கங்கே பைசா ஆடியிருந்தால் இவ்வளவு சுத்தமான எண் வராது. எங்கோ டாலரிலேயே பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஷீட்டில் 37 பீஸ் வரி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 37 × 2.475 = 91.575. சாஃப்ட்வேர் இதை 91.58 ஆக்குகிறது, அரை சென்ட் கூடுதல். 38 பீஸ் என்றால் 94.05, ரவுண்ட் செய்ய ஒன்றுமே இல்லை. அதாவது இந்த விலையில் ஒற்றைப்படை பீஸ் உள்ள ஒவ்வொரு வரியும் அரை சென்டில்தான் முடியும், அது எப்போதும் மேலேதான் போகும். சாதாரணமாக ரவுண்டிங் என்றால் சில வரி ஏறும், சில வரி இறங்கும், மொத்தத்தில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். உங்களுக்கு அப்படி அடிபடாததற்குக் காரணம் 2.475 என்ற விலைதான். எத்தனை வரியில் ஒற்றைப்படை என்று எண்ணிப் பாருங்கள். 24 வரும் என்று நினைக்கிறேன்.

பனியன்கணக்கு

எண்ணினேன் சார். சரியாக 24! ஆனால் எக்செலிலும் அந்த வரி 91.58 என்றுதானே தெரிகிறது?

பழைய_லெட்ஜர்

கண்ணுக்கு 91.58, செல்லுக்குள் 91.575. இரண்டு தசமம் என்று ஃபார்மேட் போட்டால் காட்டுவதுதான் மாறும், மதிப்பு மாறாது. SUM உள்ளே இருப்பதைத்தான் கூட்டும். அதனால் உங்கள் பையர் கால்குலேட்டரை எடுத்து, நீங்கள் அச்சடித்த 36 வரிகளையும் கூட்டினால் அவருக்கு 4,568.97 வரும். கீழே நீங்கள் போட்டிருப்பதோ 4,568.85. தசமபுள்ளி சொன்னபடி செய்தால் ரூபாய் அழகாக ஒத்துப்போகும், ஆனால் அந்தக் காகிதத்தில் உள்ள வரிகளைக் கூட்டினால் அப்போதும் கீழே உள்ள மொத்தம் வராது. அச்சான வரித்தொகை இடைக்கணக்கு அல்ல, பையருக்கு நாம் சொல்லும் தொகை.

இதில் தீர்க்க வேண்டியது ரூபாயை அல்ல. பையர் எத்தனை டாலர் தர வேண்டும்? பி.ஓ.வில் மொத்தம் என்ன இருக்கிறது?

பனியன்கணக்கு

பி.ஓ.வில் 1,846 பீஸ் ஒரே வரி, 4,568.85.

பழைய_லெட்ஜர்

அப்படியென்றால் வரப்போவது 4,568.85தான். சாஃப்ட்வேரில் 4,568.97 என்று விட்டுவைத்தால் பணம் வந்த பிறகும் பையர் லெட்ஜரில் 12 சென்ட் பாக்கி நின்றுகொண்டே இருக்கும்.

நான் செய்வது இது. இன்வாய்ஸில் ஒரே விலை உள்ளவற்றை ஒரே வரியாகப் போடுவேன். 1,846 × 2.475 முழுசாக 4,568.85 வந்துவிடுகிறது. கலர், சைஸ் பிரிப்பு பேக்கிங் லிஸ்டில் இருந்தால் போதும். சில பையர்கள் இன்வாய்ஸிலேயே பிரித்துக் கேட்பார்கள், அவர்களுக்கு வரித்தொகையை மூன்று தசமத்தில் அச்சடித்துவிடுங்கள். ரூபாய்க்கு, முடிவான டாலர் மொத்தத்தை ஒரே ஒரு தடவை பெருக்கினால் போதும்:

```
=ROUND(SUM(E2:E37),2)
=ROUND(E38*H1,2)
```

வரி வாரியாக ரூபாய் வேண்டுமென்றால் பிரித்துவிட்டு, மிஞ்சும் பைசாவைப் பெரிய வரியில் சேர்த்துவிடுங்கள்.

தசமபுள்ளி

ஒப்புக்கொள்கிறேன், அச்சான காகிதத்தை நான் யோசிக்கவில்லை. புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அரை சென்டில் முடியும் தொகை ஃப்ளோட்டில் மேலே போகும் என்று நம்பாதீர்கள்.

```
>>> round(2.675, 2)
2.67
```

2.675 உள்ளே ஒரு துளி குறைவாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. Decimal பயன்படுத்துங்கள், அரை வந்தால் எந்தப் பக்கம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குவைத்_சரக்கு

நான் காய்கறி அனுப்புகிறேன். எங்கள் சாஃப்ட்வேர் தினாரையும் இரண்டு தசமத்தில் வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ், மூன்று தசமம் வேண்டும். கரன்சி செட்டிங்கில் 3 என்று மாற்றிய பிறகுதான் பையர் போன் வருவது நின்றது. இதுவும் இந்த ரகம்தானா?

பழைய_லெட்ஜர்

அண்ணன் தம்பி மாதிரி. உங்களுடையது செட்டிங் தவறு, அவருடையதில் செட்டிங் சரியாகத்தான் இருக்கிறது. டாலருக்கு இரண்டு தசமம்தான்.

பனியன்கணக்கு

ஸ்டாக் பார்க்க எங்களுக்கு சாஃப்ட்வேரில் 36 வரி வேண்டும், ஒரே வரியாக்க முடியாது. ரவுண்ட் ஆஃப் லெட்ஜரில் 10.02 ரூபாயைக் கழித்துவிடட்டுமா?

பழைய_லெட்ஜர்

ரூபாயில் மட்டும் கழித்தால் டாலர் பக்கம் 12 சென்ட் அப்படியே நிற்கும். இன்வாய்ஸுக்குள்ளேயே 37வது வரியாக -0.12 டாலர் போடுங்கள். ரூபாயில் அது -10.01 ஆகும். மிச்சமுள்ள ஓரிரு பைசா மட்டும் ரவுண்ட் ஆஃபுக்குப் போகட்டும்.

ஈரோட்டுக்காரன்

நான் ரேட் என்று தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் எல்.சி. என்றால் ஜாக்கிரதை. மொத்தத்தைக் கூட்டிப் போட்டு, எல்.சி. தொகையை ஒரு சென்ட் தாண்டினாலும் பேங்க் குறிப்பு எழுத இடம் இருக்கிறது.

பனியன்கணக்கு

எங்களுடையது எல்.சி. இல்லை. -0.12 போட்டேன், 4,568.85 வந்துவிட்டது. இன்னொரு தலைவலி: ஏஜென்டுக்குப் போன காப்பியில் 36 வரியும் இரண்டு தசமத்தில்தான் இருந்தது. ஷிப்பிங் பில்லில் எந்த மொத்தம் ஏறியிருக்கிறதோ! 4,568.97 என்று இருந்தால் திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா?

பழைய_லெட்ஜர்

முதலில் ஏஜென்டிடம் ஷிப்பிங் பில் காப்பி வாங்கிப் பாருங்கள். நானாக இருந்தால் 12 சென்டுக்குத் திருத்தம் கேட்டு அலைய மாட்டேன். ஆனால் ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் கேட்கிற பில் என்றால் உங்கள் ஆடிட்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

பனியன்கணக்கு

திங்கட்கிழமை காப்பி வருகிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.