பிறப்பிடச் சான்றிதழில் ஒரு எச்எஸ் எண், இறக்குமதிப் பத்திரத்தில் வேறு எண்

எல்இடி பல்புகள் இறக்குமதி செய்தோம். பிறப்பிடச் சான்றிதழில் இருப்பது 8539.50, அதாவது சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ் முறையின் 2017 பதிப்பு எண். இறக்குமதிப் பத்திரத்தில் எச்எஸ் 2022 படி 8539.52. ஆறு இலக்கம் பொருந்தவில்லை என்று சுங்கத்தில் சலுகை வரியை மறுத்துவிட்டார்கள். வித்தியாசத் தொகையை வைப்பாகக் கட்டித்தான் போன வாரம் சரக்கை எடுத்தோம்.

சான்றிதழ் கொடுத்தவர்களிடம் அதைத் திருத்தக் கேட்டோம். வர்த்தக ஒப்பந்தத்தின் பொருள்வாரி விதிகள் இன்னும் 2017 பதிப்பில்தான் இருக்கின்றன, பழைய எண்தான் செல்லும் என்று கைவிரித்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். அப்புறம் பழைய, புதிய எண்களுக்கான உலகச் சுங்க அமைப்பின் ஒப்பீட்டு அட்டவணையைச் சுங்கத்தில் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதில் இல்லை. விலைப்பட்டியல், எடை, பொருள் விவரம் எல்லாம் சான்றிதழோடு ஒத்துப்போகின்றன.

இதே நிலையில் சலுகை வாங்கியவர்கள், அந்த அட்டவணையோடு வேறு எந்த ஆவணம் கொடுத்தீர்கள்?