புதுப்பிப்பு: செக் பவுன்ஸ் புகாரில் கடைசி நாள், 'ஆஃப்' என்ற சொல்லுக்கு விடை

என் கேள்வி: "நோட்டீஸ் செப்டம்பர் 1 கிடைத்தது. மும்பை கோர்ட்டில் புகார் போட அக்டோபர் 16 கடைசியா, 17-ஆ?"

17. உதவிய எல்லோருக்கும் நன்றி. செம்பூர் வக்கீல் அண்ணா சொன்ன 2013 ஈக்கான் ஆன்ட்ரி தீர்ப்புதான் விடை தந்தது.

புகாருக்கு ஒரு மாதக் கெடு வைப்பது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 142-ஆம் பிரிவு. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஒரு மாதம் என்று சொல்ல, அதன் ஆங்கில வாசகத்தில் 'ஃப்ரம்' இல்லை, 'ஆஃப்' இருக்கிறது. சொல்லை மாற்றியதால் பொருளும் மாறும், முதல் நாளையும் எண்ண வேண்டும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே பொருளில்தான் வருகின்றன என்றது. பொது விளக்கச் சட்டம் 9-ஆம் பிரிவின் கொள்கைப்படி தொடக்க நாளை விட்டுவிட வேண்டும். 1999-இல் வந்த இரண்டு முரண்பட்ட தீர்ப்புகளில் சாகேத் சரி, எஸ்ஐஎல் தவறு.

கணக்கு இப்படி: நோட்டீஸ் கிடைத்த நாளை விட்டால், செக் கொடுத்தவர் பணம் கட்ட வேண்டிய 15 நாள் செப்டம்பர் 16-இல் முடியும். பணம் வராவிட்டால் 17-இல் வழக்குக் காரணம் எழும். அந்த நாளையும் விட்டால் ஒரு மாதம் அக்டோபர் 17 வரை. 30 நாள் என்று எண்ணாதீர்கள், காலண்டர் மாதம்தான்.

காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவைக் காட்டிய தம்பி முடிவில் சரி, வழியில் தவறு: அந்தச் சட்டம் இங்கே பொருந்தாது என்றே நீதிமன்றம் சொன்னது. நான் எதிர்பார்க்காத இடம் இதுதான்.

செக் திரும்பியதைச் சொல்லும் பேங்க் மெமோவின் தேதியைக் கேட்ட அக்காவுக்கு: அது நோட்டீஸ் அனுப்பும் 30 நாள் கெடு. அங்கும் 'ஆஃப்'தான், ஆனால் இந்தத் தீர்ப்பு முடிவு செய்தது 142-ஐ மட்டும். ஒரு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

அஞ்சல் ஒப்புகை அட்டையில் முத்திரைத் தேதி மங்கலாக இருந்தால் எந்த நாளை எடுப்பது என்பது இன்னும் திறந்த கேள்விதான்.