ஏழு வாரமாச்சு, அழுகை நிக்கல. யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?

நிலாம்மா:
சிசேரியன் ஆகி ஏழு வாரம் ஆகுது. முதல் வாரம் அழுதப்ப பச்ச உடம்பு அப்படித்தான் இருக்கும்னாங்க. இப்பவும் சாயங்காலம் ஆனா காரணமே இல்லாம கண்ணு கொட்டுது. பாப்பாவுக்கு பால் குடுக்குறேன், குளிப்பாட்டுறேன், ஆனா யார் வீட்டுக் குழந்தையையோ பாத்துக்குற மாதிரி இருக்கு. அவ தூங்குனாலும் எனக்குத் தூக்கம் வரல, ஃபேனையே பாத்துட்டு படுத்திருக்கேன்.

கோவில்பட்டி அக்கா:
எனக்கும் இருந்துச்சும்மா. மூணாம் நாள் பால் கட்டினப்ப ஆரம்பிச்சது, யாராச்சும் சாப்ட்டியான்னு கேட்டா கூட அழுகை வரும், பத்து நாள்ல தானா போயிடுச்சு. ஹார்மோன்தான், சரியாயிடும்.

ரெட்டைப்பிள்ளை:
பால் பத்தலையா? பூண்டு போட்டுக் குடிங்க.

வார்டு சிஸ்டர்:
அக்கா சொல்றது முதல் ரெண்டு வாரத்துக்கு சரி. அந்த அழுகை வரும் போகும், நடுவுல சிரிப்பும் வரும், பிள்ளைய ஆசையா தூக்கவும் தோணும். ரெண்டு வாரம் தாண்டியும் தினமும் இருந்தா அதுல சேராது, பிரசவத்துக்கப்புறம் வர்ற மனச்சோர்வா இருக்கலாம். நான் முதல்ல கேக்குறது தூக்கத்ததான்: பிள்ள தூங்கும்போது அம்மாவால தூங்க முடியுதா? முடியலன்னா டாக்டர பாக்கணும். எடின்பரோ கேள்வித்தாள்னு பத்து கேள்வி இருக்கு, கடைசி ஏழு நாள் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், தமிழ்லயும் உண்டு. மார்க் அதிகமா வந்தா நோய்னு முடிவு இல்ல, டாக்டர்கிட்ட பேசணும்னு அர்த்தம். ஆனா பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கிற நினைப்பு பத்தினது, அதுக்கு 'எப்பவாச்சும்'னு வந்தா கூட அன்னிக்கே வீட்ல சொல்லிடணும். 14416-னு அரசாங்க மனநல உதவி எண் இருக்கு, ராத்திரியும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க. யாரோ பேசுற மாதிரி கேட்டாலோ, எல்லார் மேலயும் சந்தேகம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

நிலாம்மா:
பத்தாவதுக்கு இல்லன்னுதான் வருது சிஸ்டர். தூக்கம்தான் சுத்தமா இல்ல. மாத்திரை குடுத்தா பால நிறுத்தணுமா?

திருச்சி மீனு:
நான் செர்ட்ரலின்னு மனச்சோர்வுக்கான மாத்திரை சாப்ட்டுக்கிட்டே பால் குடுத்தேன், பால்ல ரொம்ப கொஞ்சம்தான் போகும்னு டாக்டர் சொன்னாங்க. மாத்திரைக்கு முன்னாடி தைராய்டும் ரத்த அளவும் பாத்தாங்க, ஏன்னா பிரசவத்துக்கப்புறம் தைராய்டு குறைஞ்சாலும் இதே சோர்வு வருமாம், எனக்கு நார்மல். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆச்சு. முதல்ல தூக்கம் வந்துச்சு, அழுகை குறைஞ்சது, பிள்ள மேல பாசம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. ஒருநாள் தொட்டில்ல முழிச்சு கெடந்தவன் என் குரல் கேட்டு தலைய திருப்புனான், அன்னிக்குதான் இவன் என் பிள்ளைன்னு மனசுக்குள்ள பட்டுச்சு. எல்லாருக்கும் இப்படியேதான் நடக்கும்னு சொல்லல.

கோவில்பட்டி அக்கா:
ஏழு வாரம்ங்கிறத நான் கவனிக்கலம்மா. போய் பாத்துடு.

நிலாம்மா:
தடுப்பூசிக்கு போறப்ப அங்கயே லேடி டாக்டர்கிட்ட கேக்கப்போறேன், வீட்டுக்காரர் கூட வர்றாரு. அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னுதான் தெரியல, பத்தியம் சரியா இல்லன்னு தன்னையே திட்டிப்பாங்க.