90 நிமிடம், மூன்று கட்டுரை: குறிப்புப் போடுவதா, நேரே எழுதுவதா?

மஸ்கெலியா மாணவி
அரசறிவியல் மாதிரிப் பரீட்சை. 90 நிமிடத்தில் மூன்று கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. முதல் இரண்டையும் விரிவாக எழுதினேன், மூன்றாவதுக்கு எட்டு நிமிடம்தான் மிஞ்சியது. குறிப்புப் போட்டு எழுதினால் நேரம் மிஞ்சுமா, இன்னும் குறையுமா?

ஹட்டன்காரன்
குறிப்பு வேண்டாம் தங்கச்சி, அந்த நேரத்தில் ஒரு பந்தி எழுதிவிடலாம். நல்லாத் தெரிந்த கேள்வியை முதலில் எடுத்து, இருப்பதையெல்லாம் கொட்டு.

பதுளை டீச்சர்
தெரிந்ததை முதலில் எடுப்பது சரி தம்பி, கொட்டுவதுதான் பிழை. நான் திருத்திய தாள்களில் பார்த்தது, முதல் விடையில் 13 புள்ளி வந்த பிறகு இன்னும் பத்து நிமிடம் எழுதினாலும் ஒன்றோ இரண்டோதான் கூடும். அதே பத்து நிமிடம் வெறுமையாகக் கிடக்கிற மூன்றாவது விடைக்குப் போனால் ஐந்தாறு புள்ளி வரும்.

மகள், 9 மணிக்குத் தொடங்கினால் வினாத்தாளின் மூலையில் 9.05, 9.32, 9.59, 10.26 என்று எழுதிவை. முதல் ஐந்து நிமிடம் கேள்விகளைத் தெரிவுசெய்ய. பிறகு ஒவ்வொன்றுக்கும் 27 நிமிடம், அதில் நான்கு குறிப்புக்கு. கடைசி நான்கு நிமிடம் வினா இலக்கம் சரிபார்க்க, விடுபட்ட சொல்லைச் சேர்க்க.

ஒரு கேள்வியை எடுப்போம்: '1948, 1949 குடியுரிமை, தேர்தல் சட்டங்கள் மலையகத் தமிழரின் அரசியல் பிரதிநிதித்துவத்தைப் பாதித்த விதத்தை ஆராய்க.' பலர் கோப்பித் தோட்டத்திலிருந்து தொடங்கி, கப்பலில் வந்த கதையிலேயே ஒரு பக்கத்தை முடித்துவிடுவார்கள். கேட்டது பிரதிநிதித்துவம். அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு நான் எழுதும் குறிப்பு இவ்வளவுதான்:

1931 வாக்குரிமை, 1947 தேர்தலில் தோட்ட மக்களின் உறுப்பினர்கள்
1948 இல. 18: தகப்பன் இங்கே பிறந்த சான்று, பதிவில்லாத குடும்பங்கள்
1949 தேர்தல் திருத்தம்: குடியுரிமை இல்லையென்றால் வாக்கும் இல்லை
1952: இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஆசனமே இல்லை
முடிவு: 1948 குடியுரிமையைப் பறித்தது, வாக்கைப் பறித்தது 1949

அந்தக் கடைசி வரிதான் விடை. அது முதலிலேயே கையில் இருந்தால் முன்னுரையை மூன்று வரியில் முடிக்கலாம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை ஒரே வசனத்தில் தொட்டுவிட்டுத் திரும்பலாம். குறிப்பில்லாமல் எழுதுகிறவர்கள் அந்த ஒப்பந்தத்தின் கணக்குக்குள் போய்ச் சிக்கிக்கொள்வார்கள், ஏனென்றால் அது பாடமாக இருக்கும்.

நுவரெலியாப் பையன்
எங்களுக்கு மூன்று மணித்தியாலம், ஐந்து கேள்வி, நேரம் தாராளமா இருந்தது. எனக்குப் பிரச்சினை குளிர்தான். காலையில் விரல் விறைத்துப் போய் முதல் பக்கம் நத்தை மாதிரி நகரும்.

பதுளை டீச்சர்
இவளுக்கு 90 நிமிடம்தான் மகன். ஆனால் விரல் விஷயம் முக்கியம். காலை நேரத்திலேயே பத்து நிமிடம் எழுதி எத்தனை வரி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் 20 வரி என்றால், 23 நிமிடத்தில் ஏறக்குறைய 45 வரிதான். ஐந்து பந்திக்கு ஒன்பது ஒன்பது வரி. அதற்கு மேல் எழுதத் திட்டமிடுகிறவர் மூன்றாவது கேள்வியின் நேரத்தைத்தான் எடுக்கிறார்.

பண்டாரவளை
டீச்சர், ஒன்றில் உடன்பாடில்லை. மூன்று குறிப்பையும் தொடக்கத்திலேயே போட வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன், 12 நிமிடம் போனது. ஆனால் இரண்டாவதை எழுதும்போது மூன்றாவதுக்கு ஒரு ஆண்டு ஞாபகம் வந்தால் உடனே அந்தக் குறிப்பில் சேர்த்துவிடலாம். கடைசியில் களைத்த மண்டையோடு புதிதாக யோசிக்கத் தேவையில்லை.

பதுளை டீச்சர்
உங்களுக்குச் சரிவந்திருக்கும். நான் பார்த்த பிள்ளைகள் சிலர், பக்கத்தில் எல்லோரும் எழுதத் தொடங்கியதும் பதறி, மூன்றாவது குறிப்பை அரைகுறையாக விட்டார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் தாங்கள் எழுதிய சுருக்கமே அவர்களுக்கு விளங்கவில்லை.

பண்டாரவளை
அது பழக்கத்தில் போய்விடும். நான் என் பக்கம்தான்.

ஹட்டன்காரன்
சரி, ஐந்து வரிக் குறிப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன், நான் அரைப் பக்கம் என்று நினைத்தேன். ஆனால் 9.32 ஆகும்போது நல்ல பந்தி ஒன்று பாதியில் நின்றால்? விட்டுவிட்டுப் போக மனம் வராதே.

பதுளை டீச்சர்
அந்த வசனத்தை முடித்துவிட்டு, அரைப் பக்கம் இடம் விட்டுப் போக வேண்டும். நேரம் மிஞ்சினால் திரும்பலாம். பாதி நேரத்திலேயே இது தெரியும்: தொடங்கி 15 நிமிடமாகியும் மூன்றாவது பந்திக்கு வரவில்லை என்றால் நான்காவதை இரண்டு வரியாகச் சுருக்கிவிட்டு முடிவுக்குப் போங்கள். அப்படியும் கடைசியில் எட்டு நிமிடம்தான் இருக்கிறதென்றால், குறிப்பின் ஒவ்வொரு வரியையும் முழு வசனமாக்கி எழுதிவிடுங்கள். முன்னுரையை அழகாக எழுதி அதோடு நிற்கிற விடையை விட அது கூடப் புள்ளி எடுக்கும்.

மஸ்கெலியா மாணவி
நேற்று அம்மா மலைக்குப் போன பிறகு கடிகாரத்தை வைத்து ஒரு கேள்வி எழுதிப் பார்த்தேன். 27 நிமிடத்தில் நாலு பந்தி, முடிவு எழுத முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு 17 வரிதான் வருகிறது. அப்புறம் ஒன்று கேட்க வேண்டும் டீச்சர், விடைத்தாளிலேயே போட்ட குறிப்பை என்ன செய்வது?

பதுளை டீச்சர்
குறுக்கே ஒரே கோடு, கிறுக்கி அழிக்க வேண்டாம். 17 வரி என்றால் பந்திக்கு ஏழெட்டு வரி வைத்துக்கொண்டு, அதே கேள்வியை நாளைக்கு இன்னொரு தடவை எழுதிப் பார்.