கம்பேர், விஷ்லிஸ்ட்: எலக்ட்ரானிக்ஸ் கடைத் தளத்தில் சேர்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கேட்லாக் கமலா
லேப்டாப் விற்கும் தளம் ஒன்று. ஓனர் ரெடிமேட் கம்பேர் பிளகின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். எந்த மதிப்பு உசத்தியோ அந்தக் கட்டம் பச்சையாகும். டேட்டாவை முதலில் ஒழுங்கு பண்ணணும் என்றேன், "அதெல்லாம் அப்புறம்" என்றார். டெமோவில் இரண்டு லேப்டாப்பை அருகருகே வைத்தார். பேட்டரி வரியில் 4000க்குப் பச்சை, 50க்கு ஒன்றுமில்லை. இன்னொரு லேப்டாப்பையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே இருந்தது இதுதான்:

```
battery: "4000mAh"
battery: "50Wh"
battery: "3-cell"
```

பிளகின் எண்ணை மட்டும் உருவிப் பெரியது எது என்று பார்த்திருக்கிறது. அந்த லேப்டாப்பின் பேட்டரி 11.4 வோல்ட். 4000ஐ 11.4ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 45.6 வாட் ஹவர். அதாவது சின்ன பேட்டரிக்குப் பச்சை! வோல்ட் தெரியாவிட்டால் இந்தக் கணக்கும் போட முடியாது. மூன்றாவது வரியை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது. எடை வரியிலும் இதே கூத்து, கனமானதற்குப் பச்சை. அவருக்கு அது தப்பாகவே படவில்லை, "நிறம் நல்லா இருக்கு" என்றார்.

அரைத்தூக்கம்
இதனால்தான் சொல்கிறேன், கம்பேரே வேண்டாம். பாதிப் பேர் ஃபோனில் வருகிறார்கள், அதில் இரண்டு பொருளுக்கு மேல் அருகருகே வைத்துப் படிக்க முடியாது. விஷ்லிஸ்ட் போதும். ஒரு டேபிள், ஒரு இதய ஐகான், ஒரு நாள் வேலை.

இரவுப்பணி
ஒரு நாளா? லாகின் பண்ணாதவர் இதயத்தை அழுத்தினால் எங்கே வைப்பீர்கள்? நாங்கள் பிரவுசரின் `localStorage`-இல் வைத்தோம். 2020லிருந்து சஃபாரி, நம் தளத்தை யாரும் தொடாமல் 7 நாள் உலவினால் ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததை அழித்துவிடுகிறது. டிவி வாங்க யோசிக்கிறவர் ஒரு வாரத்திலா முடிவெடுப்பார்? திரும்பி வரும்போது பட்டியல் காலி.

எனக்கு உறுத்துவது வேறு. விலை குறைந்தால் மெயில் போகும் என்று வைத்திருந்தோம். ஒருவர் சேமித்தது 16 ஜிபி மாடல். பட்டியலில் பதிந்தது வேரியன்ட் எண் இல்லை, பொதுவான பொருள் எண். 8 ஜிபி விலை குறைந்ததும் "நீங்கள் விரும்பியது விலை குறைந்தது" என்று மெயில் போனது. அவர் பதில் எழுதினார்: "நான் எதை விரும்பினேன் என்று எனக்குத் தெரியும்." அந்த ஒரு வரிதான்.

ஹெட்செட் பிரியன்
நான் வாங்குகிற ஆள். கம்பேரில் பேட்டரி ஓட்டம், எடை, புளூடூத் எல்லாம் இருக்கும், காதில் வலிக்குமா என்று மட்டும் இருக்காது. நான் ஐந்தையும் கார்ட்டில் போட்டு வைப்பேன், அதுதான் என் விஷ்லிஸ்ட். எந்தத் தளத்தில் நல்ல கம்பேர் இருக்கிறது என்று கேட்கிறீர்களா?

பழைய கணக்கு
இல்லை சார், கட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் கார்ட் விஷயம் நல்ல தடயம். ஒரே பிரிவில் மூன்று நான்கு பொருளைக் கார்ட்டில் போட்டு, நாள் கழித்து வந்து ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குகிறார்கள் என்றால் ஆட்களுக்குத் தேர்வுக்குள் தேர்வு தேவைப்படுகிறது.

கமலா, கேட்காமலே சொல்கிறேன். கட்டுவதற்கு முன், யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று தளம் பதிந்து வைக்கிற லாகைத் திறங்கள். ஒரே வருகையில் ஒரே பிரிவில் இரண்டு பொருளைத் திறந்து, மறுபடி முதல் பொருளுக்கே திரும்புகிறார்களா? A, B, A, B என்று தாவினால் கம்பேர் தேவை. A, B, C என்று போய்க்கொண்டே இருந்தால் அவர்களுக்கு வேண்டியது நல்ல ஃபில்டர். பிரிவு வாரியாகப் பாருங்கள்: லேப்டாப்பில் தாவல் இருக்கும், சார்ஜர் கேபிளில் இருக்காது. அப்படியானால் லேப்டாப்புக்கு மட்டும் கட்டினால் போதும், சுத்தம் செய்ய வேண்டிய டேட்டாவும் அந்த ஒரு பிரிவுதான். அதிலும் வாங்குகிறவர் முடிவை மாற்றுகிற ஏழெட்டு வரியை எடுத்து, எண்ணுக்கும் அலகுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்து நிரப்புங்கள். தகவல் இல்லாத கட்டத்தில் "தகவல் இல்லை" என்றே போடுங்கள், வெறும் கோடு போட்டால் "அந்த வசதி இல்லை" என்று படித்துவிடுவார்கள். எங்கள் கேமரா பக்கத்தில் அதுதான் நடந்தது, மைக் ஜாக் இருந்த கேமராவை இல்லை என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

அரைத்தூக்கம்
தாவுகிறவர்கள் விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்று நான் சொன்னால்?

பழைய கணக்கு
லாகில் அது தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். வாங்கிய நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும்.

கேட்லாக் கமலா
பச்சையை எடுக்கச் சொல்லி, "வித்தியாசம் மட்டும் காட்டு" பட்டன் வைத்தோம். இப்போது "8GB"யும் "8 GB"யும் வித்தியாசம் என்று காட்டுகிறது. லாகைப் பார்க்க ஓனரிடம் கேட்டிருக்கிறேன். அவர் அதற்குள் ஷேர் பண்ணுகிற விஷ்லிஸ்ட் வேண்டும் என்கிறார்.